ஆறிய காயமும் ஆறாத காய்ச்சலும்

அவள் வரப்பில் நின்று கூப்பிட்டால் நாலு வயல் தள்ளிக் குனிந்து நடுபவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். குரலுக்காக வந்த பெயர்தான் இடியக்கா. கட்டிய கணவரோ அதற்கு நேர்மாறு. கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர், அளவெடுக்கும்போதுகூட எண்ணை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வார். “இடிக்கு மின்னல் வாய்க்கும்னு பாத்தா ஊசி வாய்ச்சிருக்கே!” என்று நடவுக்கு வரும் பெண்கள் கேலி செய்வார்கள். “ஊசி இல்லாட்டி உங்க கிழிசலை யாருடி தைப்பா?” என்பாள் அவள். பிள்ளைகள் இல்லாத வீடு. ஆனாலும் அந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை; எல்லாம் அவள் பேச்சு.

குத்தகை நிலத்தில் நெல் போடுவாள். நடவுக்கு ஆள் சேர்ப்பது, நாற்று பறிப்பது, தண்ணீர் கட்டுவது எல்லாம் அவளே. சில வருடங்களாக உடம்பில் சர்க்கரை இருந்தது. மாத்திரை இருக்கும், சாப்பிட்டால் உண்டு, மறந்தால் இல்லை. “இனிப்பு என் நாக்குலதான் இல்லை, ரத்தத்துலயாவது இருக்கட்டுமே” என்று அதையும் சிரிப்பாக்கிவிடுவாள்.

அந்த வருடம் மழை விடாமல் கொட்டியது. வாய்க்கால் உடைந்து வயலுக்குள் புகுந்த தண்ணீர், தெருக் குப்பையையும் கொண்டுவந்து போட்டது. ஒரு நாள் நடவு முடிந்து கரையேறியபோது பின்னால் வந்தவள்தான் கத்தினாள்.

“அக்கா, காலைப் பாருங்க! ரத்தம்!”

குனிந்து பார்த்தாள். குதிகாலுக்குச் சற்று மேலே, உடைந்த தகரமோ கண்ணாடியோ கீறியிருந்தது. சர்க்கரையால் கால் கொஞ்சம் மரத்துப்போயிருந்ததால் கீறியதே அவளுக்குத் தெரியவில்லை. வாய்க்கால் தண்ணீரிலேயே கழுவினாள். வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் வெட்டுத்துணி ஒன்றைக் கட்டிவிட்டு, “ரெண்டு நாள் சேத்துல இறங்காதேயேன்” என்றார்.

“நாத்து முத்திடுச்சுன்னா உங்க துணியையா நடுறது?”

மறுநாளும் இறங்கினாள். அதற்கடுத்த நாளும். துணி சேற்றில் ஊறி அவிழ்ந்து எங்கோ போனது. காயம் சீழ் பிடிக்கவில்லை, வீங்கவில்லை. நடவு முடிவதற்குள் பொருக்கு உதிர்ந்து வெறும் கோடாகிவிட்டது. ஆறிய காயத்தை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

களையெடுப்புக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்ததால் என்று நினைத்தாள். மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்கும், மாத்திரை தீர்ந்ததும் ஏறும். பிறகு இருமல் சேர்ந்துகொண்டது. படுத்தால் வியர்த்துப் பாய் நனைந்தது. ரவிக்கைகள் தொளதொளவென்று ஆயின. தையல்காரர் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தார். இரண்டாம் முறையும் அதே ரவிக்கையைப் பிடிக்க வேண்டி வந்தபோதுதான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

“கிளம்பு. கிளினிக்குக்குப் போலாம்.”

அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. உடனே கிளம்பினாள்.

கடைத்தெரு முனையில் இருந்த கிளினிக் டாக்டர் பொறுமையான மனிதர். நாற்பதைத் தாண்டாதவர், எப்போதும் சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பார். முதலில் ஊசி போட்டார். காய்ச்சல் கொஞ்சம் தணிந்து, பின்பு வட்டியோடு திரும்பியது. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரலின் மேல்பக்கம் நிழல் தட்டியிருந்தது. இருமல், வியர்வை, எடைக் குறைவு, மேல்பக்க நிழல். அவர் அதுவரை பார்த்த நூற்றுக்கணக்கான பேரில் இந்த நாலும் சேர்ந்தால் அது காசநோய்தான். சளியில் காசக் கிருமி தெரியவில்லை.

“சில பேருக்குச் சளியில தெரியாதும்மா. ஆனா மத்ததெல்லாம் அப்படித்தான் சொல்லுது. மாத்திரை ஆரம்பிச்சுடலாம். தள்ளிப் போடக்கூடாது.”

“டி.பி.யா டாக்டர்?” என்று கேட்டவளின் குரல் அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

வீடு திரும்பும் வழியில் அவள் நினைத்ததெல்லாம் பம்ப்செட்காரரைத்தான். பக்கத்து வயலுக்குச் சொந்தக்காரர். அவர் வீட்டு பம்ப்செட்டில்தான் சுற்று வட்டாரமே தண்ணீர் பாய்ச்சும். முந்தின வருட மழைக்கு இதே காய்ச்சல், இதே இருமல், இதே கிளினிக், இதே மாத்திரை. அறுவடைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் ஆள் போக்குவரத்துக் குறைந்தது. அவர் மருமகள் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். “ஒட்டிக்கும்னு பயமா இருக்கு” என்றாளாம். இடியக்காவும்தான் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். பம்ப்செட்காரர் மனைவி டம்ளரை நீட்டும்போது, “இப்பத்தான் குடிச்சேன்” என்று சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவளே தனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தாள். தையல்காரர் அதைப் பார்த்தார். அன்று மத்தியானம் அவள் சாப்பிட்டு வைத்த தட்டிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏங்க, பைத்தியமா உங்களுக்கு?”

“ஆமா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

மாத்திரையை ஒரு வேளை தவறவிடவில்லை. ஆனால் உடம்பு தேறவில்லை. தொடையில் ஒரு கட்டி எழும்பியது. கிளினிக் டாக்டர் அதைக் கீறி, சீழை டவுனில் இருந்த ஒரு லேபுக்கு அனுப்பினார். மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாகக் கிடக்கும் ஏதோ ஒரு கிருமி வளர்ந்திருக்கிறது, வெளியிலிருந்து கலந்திருக்கலாம், பொருட்படுத்த வேண்டாம் என்று பதில் வந்தது. அப்படிப்பட்ட கலப்பு லேபுகளில் அடிக்கடி நடப்பதுதான். டாக்டரும் பொருட்படுத்தவில்லை. கட்டி ஆறியது. காய்ச்சல் ஆறவில்லை.

பிறகு வலது முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியது. கால் தரையில் பட்டாலே உயிர் போனது. ஒரு காலையில் தையல்காரர் எழுப்பும்போது அவள் அவரை யாரென்று தெரியாததுபோலப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. ஓடிப்போய் கிளினிக் டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்ததுமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். “நானும் கூட வர்றேன்” என்று ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். முழங்காலில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கலங்கிய சீழாக வந்தது. அதையும் ரத்தத்தையும் கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள். அது வளர நாட்கள் ஆகும். அதுவரை பொதுவான ஊசி மருந்து ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அதற்கும் காய்ச்சல் அசையவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் லேபுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பெண் டாக்டர். சீழில் வளர்ந்ததையும் ரத்தத்தில் வளர்ந்ததையும் அவர் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றே. முழங்காலில் ஒன்று, ரத்தத்தில் அதே ஒன்று என்றால் வெளியிலிருந்து கலந்தது என்று தள்ள முடியாது. நுண்ணோக்கியில் அந்தக் கிருமியின் இரண்டு முனைகளிலும் சாயம் ஏறி நடுவில் வெளுத்திருந்தது. இந்த மாதிரிக் கிருமிகளை வழக்கமாகக் கொல்லும் ஓர் ஊசி மருந்து அதைத் தொடவே இல்லை. வேலை செய்யாது என்று நினைக்கும் சாதாரண மருந்து ஒன்றுக்கு அது அடங்கியது. கிருமி வளர்க்கும் தட்டில் விட்டுவைக்க வைக்க அதன் மேல்பரப்பு காய்ந்த தோல்போலச் சுருங்கிக்கொண்டு வந்தது. அவர் தட்டை உடனே பாதுகாப்புப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். உதவியாளர்களைப் பார்த்து, “யாரும் மூடியைத் திறந்து மோந்து பாக்காதீங்க” என்றார். பிறகு வார்டுக்குப் போன் செய்யாமல் தானே படியேறி வந்தார்.

வெளியே பெஞ்சில் தையல்காரரும் கிளினிக் டாக்டரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்க மனைவி என்ன வேலை பாக்கறாங்க?”

“வயல் வேலைங்க.”

“செருப்பு, பூட்ஸ் ஏதாவது போடுவாங்களா?”

“சேத்துலயா? வெறுங்கால்தாங்க.”

“சர்க்கரை இருக்கு இல்லையா? மழை சமயத்துல காலில கையில ஏதாவது காயம்?”

தையல்காரர் யோசித்தார். “ஒரு கீறல் பட்டுச்சுங்க. ஆனா அது எப்பவோ ஆறிடுச்சே.”

“எங்கே?”

உள்ளே போய்ப் போர்வையை விலக்கிக் காட்டினார். குதிகாலுக்கு மேலே நகத்தால் கிழித்ததுபோல ஒரு கோடு. அதைச் சுற்றி வெடிப்புகள்.

“கீறல் வழியா இருக்கலாம், இந்த வெடிப்பு வழியாகவும் இருக்கலாம்” என்றார் லேப் டாக்டர். “மண்ணுலயே இருக்கற கிருமி. வெயில் காலத்துல ஆழத்துல கிடக்கும். மழை பெய்ஞ்சு மண்ணு ஊறினா மேலே வரும். தோல்ல சின்ன வாசல் கிடைச்சாப் போதும், உள்ளே போயிடும். வாசல் மூடிக்கும், காயம் ஆறிடும். உள்ளே போனது ரத்தத்துல கலந்து நுரையீரல், கல்லீரல், மூட்டுன்னு எங்க வேணும்னாலும் குடியேறும். நோய்க்குப் பேரு மெலியாய்டோசிஸ்.”

கிளினிக் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “படிக்கும்போது ஒரு பக்கம் வந்துச்சு. பரீட்சைக்குக்கூட வரலை.”

“பார்க்கறதுக்கு டி.பி. மாதிரியே இருக்கும், நிமோனியா மாதிரி இருக்கும், வெறும் கட்டி மாதிரியும் இருக்கும். நினைச்சுப் பாத்தாத்தான் கிடைக்கும் சார். நினைக்கறதுக்கு, முன்னாடி ஒண்ணு பாத்திருக்கணும். முன்னாடி தொடைக் கட்டியோட சீழை வளர்த்தாங்க இல்லையா, அந்த லேப்லயும் இதேதான் வளர்ந்திருக்கும். அவங்களும் இதைப் பார்த்ததில்லை. நானும் வேற இடத்துல வேலை பாத்தப்ப ரெண்டு மூணு பேரைப் பாத்ததாலதான் சந்தேகம் வந்துச்சு.”

உறுதி செய்ய இன்னொரு லேபுக்கும் அனுப்பினார். ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். காசநோய் மாத்திரைகளை நிறுத்தினார்கள். வயிற்றை ஸ்கேன் செய்தபோது கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுசிறு சீழ்க்கட்டிகள் தெரிந்தன. முழங்காலை அறுவை அரங்கில் திறந்து கழுவினார்கள்.

மருந்து மாறியதும் மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று தையல்காரர் நினைத்திருந்தார். காய்ச்சல் விடவில்லை. நாளுக்கு நாள் அவர் முகம் சுருங்கியது. லேப் டாக்டர் வார்டுக்கு வந்தபோது, “இதுவும் கேக்கலையாங்க?” என்று கேட்டார்.

“கேக்குது. இந்த நோய்ல காய்ச்சல் இறங்க ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். விழுந்து கிடந்த ரத்த அழுத்தம் ஏறியிருக்கு, ஆக்சிஜன் குறைச்சிருக்கோம். இது ரெண்டும் நல்ல சேதி. அவசரப்பட்டு மருந்தை மாத்தினாத்தான் தப்பு.”

அவர் புரியாதவர்போல நின்றதைப் பார்த்து, லேப் டாக்டர் அவர் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் காட்டினார். தையல்காரர்கள் அப்படித்தான், எங்கே போனாலும் ஊக்கும் ஊசியும் கூடவே போகும். “அந்தக் கிருமியும் இதே மாதிரிதான் இருக்கும். ரெண்டு முனையும் அழுத்தமா, நடுவுல வெறுமையா. உடம்புக்குள்ள இருக்கற செல்லுக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்கும். ஒண்ணொண்ணா பிரிச்சு எடுக்கணும். தையல் பிரிக்கற மாதிரி, இழுத்தா கிழிஞ்சிடும்.”

தையல்காரருக்கு அது புரிந்தது.

காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் மத்தியானத்தில் விட்டது, பிறகு சாயங்காலத்திலும் விட்டது. ஒரு நாள் இடியக்கா கண்ணைத் திறந்து, பக்கத்துக் கட்டிலுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாளிடம், “சிந்தாம ஊத்தும்மா, எறும்பு எனக்குத்தான் வரும், சர்க்கரைக்காரி” என்றாள். தையல்காரர் வராந்தாவுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இன்னொரு லேபும் உறுதி செய்துவிட்டது. லேப் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னதும் அவள் சிரித்தாள். “மெலிய வைக்கறதால மெலியாய்டோசிஸா? பேரு வெச்சவன் நம்ம பாஷை தெரிஞ்சவன்தான்.” பிறகு சிரிப்பு நின்றது. “என்கூட அத்தனை பேர் அதே சேத்துல நின்னாங்க. எனக்கு மட்டும் ஏன் டாக்டர்?”

“நிறைய பேருக்கு உள்ளே போனாலும் ஒண்ணும் பண்ணாது. சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லைன்னா உடம்போட காவல்காரன் தூங்கிடறான். உங்க காவல்காரன் குறட்டையே விட்டிருக்கான்.”

இந்த மாதிரிப் பேசுகிறவர்களை இடியக்காவுக்குப் பிடிக்கும். ஊசி மருந்து வாரக்கணக்கில் ஓடியது. வீட்டுக்கு அனுப்பும்போது மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரை கொடுத்தார்கள். நடுவில் விட்டால் ஒளிந்திருப்பது மறுபடியும் எழுந்துவரும் என்று எச்சரித்தார்கள். அந்த மாத்திரை அவளுக்குக் குமட்டியது. “நல்லாத்தானே இருக்கேன், போதுமே” என்று ஒவ்வொரு வாரமும் வழக்காடினாள். தையல்காரர் மாத்திரையைப் பிரித்து நீட்டுவார். தண்ணீர் டம்ளரோடு எதிரே நிற்பார், அவள் முழுங்கும்வரை.

தடியூன்றி நடக்க ஆரம்பித்த சமயம் கிளினிக் டாக்டர் வீட்டுக்கு வந்தார். முழங்காலைப் பார்த்தார், சர்க்கரையைப் பற்றிக் கேட்டார். கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பம்ப்செட்காரரோட மனைவி இப்பவும் அதே வீட்லதான் இருக்காங்களா?”

இடியக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பம்ப்செட்காரருக்கும் இதே நோயாக இருந்திருக்குமோ என்பதுதான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களெல்லாம் அவளுக்குள் ஓடியது. தையல்காரரிடம் சொன்னபோது, “போன உயிரு திரும்பியா வரப்போகுது? புண்ணை ஏன் கிளர்றே?” என்று தடுத்திருந்தார்.

“இருக்காங்க டாக்டர். நானும் வர்றேன்.”

பம்ப்செட்காரர் மனைவி வாசலில் இரண்டு பேர் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்தாள். அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்து நாளாகியிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டாக்டர் உட்காரவில்லை. நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். இந்தம்மாவுக்கும் காசநோய் என்றுதான் நினைத்தேன். அது வேறு நோய். உங்கள் கணவருக்கும் அதுவாக இருந்திருக்கலாம்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, “அவருக்கும் சர்க்கரை இருந்துச்சு” என்றாள். “மோட்டார் போட மழையில சேத்துல போவாரு, வருவாரு. கால்ல எப்பவும் ஏதாவது காயம் இருக்கும். கடைசியில முதுகுல ஒரு கட்டி வந்துச்சு. நானே துடைச்சுவிட்டேன்.” திடீரென்று நிமிர்ந்தாள். “அப்ப சரியான மருந்து குடுத்திருந்தா பிழைச்சிருப்பாரா?”

“தெரியலைம்மா. அதுவாத்தான் இருந்துச்சான்னே இனிமே கண்டுபிடிக்க வழியில்லை. சரியான மருந்து குடுத்தும் போறவங்க இருக்காங்க. ஆனா நான் அப்ப ரத்தத்தை அனுப்பி வளர்த்துப் பாத்திருக்கணும். அது எனக்குத் தோணலை.”

“இதைச் சொல்லவா வந்தீங்க?” என்றாள் அவள். “ஒரு வருஷமா நான் தனியா உக்காந்திருக்கேன். என் பேரப் பசங்க என்னைத் தொட்டு ஒரு வருஷமாச்சு. இப்ப வந்து தெரியலைன்னு சொல்றீங்களே!”

இடியக்கா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மடங்காத முழங்காலை நீட்டிக்கொண்டு, “தண்ணி இருந்தா குடு” என்றாள்.

அவள் எழுந்து போய் டம்ளரில் கொண்டுவந்தாள். இடியக்கா அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்தே முழுதும் குடித்தாள்.

“நோய் ஒட்டுமா டாக்டர், அதைச் சொல்லுங்க” என்றாள் இடியக்கா.

“இந்த நோய் மனுஷங்ககிட்ட இருந்து மனுஷங்களுக்கு ஒட்டறது ரொம்ப ரொம்ப அபூர்வம். மண்ணு, தண்ணியில இருந்துதான் வருது. ஒருவேளை அவருக்கு டி.பி.யாவே இருந்திருந்தாலும், உங்க வீட்ல எல்லாரையும் அப்பவே பரிசோதிச்சாச்சு. இத்தனை நாள்ல யாருக்கும் ஒண்ணும் வரலை. இன்னொரு தடவை பாத்துடலாம், உங்களையும் சேர்த்து. பயப்பட ஒண்ணுமில்லை.”

“இதை என் மருமககிட்ட சொல்லுவீங்களா? நான் சொன்னா நம்பமாட்டா.”

“இப்பவே சொல்றேன். நம்பரைக் குடுங்க.”

போனில் மருமகள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் நின்றபடியே பதில் சொன்னார். ஒரே கேள்விக்கு மூன்று தடவைகூடச் சொன்னார். அந்த வார இறுதியில் பரிசோதனை முடிந்தது. அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்தார்கள். சின்னவன் முதலில் பாட்டியிடம் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். கொஞ்ச நேரம்தான். “அப்புறம் இறங்கவே மாட்டேன்றான் இடுப்பை விட்டு” என்று அவள் குறைபோலச் சொல்லிக்கொண்டாள்.

இடியக்காவின் முழங்கால் பழையபடி மடங்கவில்லை. குனிந்து நட முடியாது. நடவுக்கு ஆள் வைத்து, தான் வரப்பில் நின்று பார்த்துக்கொள்கிறாள். சர்க்கரை மாத்திரையை இப்போது மறப்பதில்லை. ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு தடவை சேற்றில் இறங்கினாள். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. வயலே சிரித்தது. தையல்காரர் பூட்ஸின் வாய்க்குக் கயிறு கோத்து முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்கிற மாதிரி தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு கழன்றுவிடவில்லை, ஆனால் நடப்பது கஷ்டம்தான். நடவுப் பெண்களில் பாதிப் பேர் போட்டுக்கொள்கிறார்கள். மீதிப் பேர், “வேலை ஓடாது அக்கா” என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவர்களிடம் வேறொன்றைக் கேட்கிறாள்: காயம் இருந்தால் இறங்காதே, கரையேறினால் சோப்புப் போட்டுக் கழுவு, காய்ச்சல் வந்தால் வயல் வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்.

கிளினிக்கில் மழை நாளில் காய்ச்சலோடு யார் வந்தாலும் இப்போது டாக்டர் முதலில் கைகால்களைப் பார்க்கிறார். மாத்திரை எழுதும் முன் ரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். போன மழைக்கு அப்படி அனுப்பியதில் ஒருவருக்கு அந்தக் கிருமி வளர்ந்தது. செங்கல் சூளைக்கு மண் வெட்டுகிறவர், உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. இருமல் ஆரம்பிக்கும் முன்பே மருந்து ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் இடியக்கா வீட்டுக்கு வந்து, மாத்திரை ரொம்பக் குமட்டுகிறதே, என்ன செய்வது என்று கேட்டார்.

“சாப்பிட்டுட்டுப் போடுங்க, அப்பவும் குமட்டினா டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க” என்றாள் அவள். “உங்க வீட்ல எதிர்ல நிக்கறதுக்கு ஆள் இருக்கா?”

“இருக்கா” என்றார் அவர். “வாசல்லதான் நிக்கறா.”

“அப்ப கவலை இல்லை. உள்ளே வரச் சொல்லுங்க.”